பேத்தி கிறுக்கிய பேப்பர் மட்டும் போட்டோவாக வந்தால் என்ன பதில் போடுவது?

"எனக்கு ஊர் பாலக்கோடு. மகள் ஓசூரில் இருக்கிறாள், பேத்திக்கு ரெண்டே கால் வயசு. நேத்து ராத்திரி வாட்ஸ்அப்பில் பாப்பா கிரேயான்ல கிறுக்கின பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா. கூட ஒரு வார்த்தை எழுதல. முக்கால்வாசி கருப்பு, சுத்திச் சுத்திப் போட்டிருக்கு. ஓரத்துல கொஞ்சம் சிவப்பு. என்ன படம்னு புரியல. சும்மா 'சூப்பர்'னு போட மனசு வரல, 'என்ன இது'ன்னு கேட்கவும் தயக்கமா இருக்கு. இவ்வளவு கருப்பா இருக்கே, அதுல ஏதாச்சும் அர்த்தம் இருக்குமா? என்ன எழுதறது?"

கருப்பில் அர்த்தம் எதையும் தேடாதீர்கள். மகளுக்கு இப்படி எழுதுங்கள்: "யப்பா, எத்தனை சுத்து சுத்தியிருக்கா! ஓரத்துல அந்தச் சிவப்பு வேற. ரொம்ப நேரம் உக்காந்து போட்டாளா?" பேத்திக்கென்று தனியாகப் பத்து வினாடிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். அதில் என்ன பேசுவது என்பதைப் பிறகு சொல்கிறேன். இன்றைக்கு இவ்வளவு போதும்.

நான் எழுதிக்கொடுத்த வரியைக் கவனித்தால் ஒன்று தெரியும். அதில் "அழகு", "திறமை", "இது யானை மாதிரி இருக்கு" எதுவும் இல்லை. பேப்பரில் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் இருக்கிறது: சுற்று, சிவப்பு, செலவழித்த நேரம். ரெண்டே கால் வயதில் குழந்தை எதையோ பார்த்து அதைப் போல வரைவதில்லை. கையை ஆட்டினால் பேப்பரில் கோடு வருகிறது, மறுபடி ஆட்டினால் மறுபடி வருகிறது. அவளுக்குப் பிடித்திருப்பது அந்த வித்தைதான். அதனால் பதிலும் அந்தக் கை செய்த வேலையைப் பற்றியே இருந்தால் பொருந்திப் போகும். இல்லாத உருவத்தைப் பற்றிப் பேசினால் அது அவளுக்கும் புரியாது, உங்களுக்கும் அடுத்து பேச ஒன்றும் இருக்காது.

கை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்தப் போட்டோவை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். ஒன்றே கால், ஒன்றரை வயதில் கிரேயானை முஷ்டியில் பிடித்து, தோளிலிருந்து முழுக்கையையும் வீசுவார்கள். பஸ் கண்ணாடியில் மழைக்கு ஓடும் வைப்பர் மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்த கோடுகள் வரும். சில சமயம் கிரேயானால் பேப்பரைக் குத்துவார்கள், புள்ளி புள்ளியாக விழும். இரண்டு வயதை ஒட்டி முழங்கையும் மணிக்கட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொள்ளும்போது சுற்றுகள் வர ஆரம்பிக்கும். கிரேயானைத் தூக்கி மறுபடி குறிபார்த்து வைப்பது இந்த வயதில் சிரமம். ஆகவே வைத்த இடத்திலிருந்து எடுக்காமலே சுற்றிக்கொண்டு போவார்கள். உங்கள் பேத்தியின் கருப்புச் சுற்று இதுதான். வயதுக்குச் சரியாக வந்திருக்கிறது. அமெரிக்காவில் ரோடா கெல்லாக் என்பவர் பல நாட்டுக் குழந்தைகளின் கிறுக்கல்களைச் சேர்த்து, அடிப்படைக் கிறுக்கல் 20 வகை என்று பிரித்து வைத்தார். புள்ளி, நேர்க்கோடு, வளைவு, சுற்று என்று போகும் அந்தப் பட்டியல். அதில் உருவம் எதுவும் கிடையாது.

சுற்றத் தெரிந்தவளுக்கு ஒரே சுற்றில் நிறுத்தத் தெரியாது. நிறுத்துவதுதான் கடினம். தொடங்கிய இடத்துக்கே கோட்டைக் கொண்டுவந்து மூடும் வட்டம், நாம் போட்டுக் காட்டினால், சுமார் மூன்று வயதில் வரும். கூட்டல் குறி நான்கை ஒட்டி, சதுரம் அதற்கும் பிறகு. ஒரு பெரிய உருண்டை, அதிலிருந்தே நேராக இரண்டு கால் இறங்கும் மனித உருவம் பெரும்பாலும் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் வரும். எனவே "முகம் எங்கே, கண் எங்கே" என்று இந்தப் பேப்பரில் தேடுவது, நாற்று விட்ட மறுநாள் கதிர் தேடுவது போல.

இப்போது கருப்புக்கு வருவோம். இரண்டு வயதுக்காரி நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் விதம் நம்முடையதைப் போல இல்லை. கைக்குப் பக்கத்தில் கிடந்தது, உடையாமல் நீளமாக இருந்தது, அழுத்தாமலே பளிச்சென்று விழுந்தது, இப்படித்தான் ஒரு நிறம் கையில் வருகிறது. வெள்ளைப் பேப்பரில் கருப்பு, கருநீலம், சிவப்பு நன்றாகத் தெரியும். மஞ்சளும் வெளிர் நிறங்களும் லேசாகக் கீறினால் தெரியவே தெரியாது. விலை குறைந்த மெழுகு கிரேயான்கள் கெட்டியாக இருப்பதால் இன்னும் மங்கலாக விழும். போட்ட கோடு உடனே தெரிய வேண்டும் என்பதுதான் குழந்தையின் எதிர்பார்ப்பு. மஞ்சளால் இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று போட்டுவிட்டுக் கருப்பை எடுத்திருக்கலாம். கருப்பென்றால் சோகம், சிவப்பென்றால் கோபம் என்று ஒரு பேப்பரை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. யூடியூபில் அப்படிச் சொல்பவர்கள் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது படம் அல்ல, படத்தின் போட்டோ. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ராத்திரியில் மஞ்சள் வெளிச்சம் தரும் விளக்கின் கீழ் எடுத்தால் பேப்பரே மஞ்சளாகத் தெரியும், அதன் மேல் போட்ட மஞ்சள் கிரேயான் காணாமல் போய்விடும். "ஒரு பக்கத்தை வெறுமனே விட்டிருக்காளே" என்று நினைக்கிற இடத்தில் மஞ்சள் கிறுக்கல் இருக்கலாம். போனைப் பிடித்த கையின் நிழல் விழுந்தால் அந்த மூலை அழுத்தி வரைந்தது மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பது போட்டோ எடுத்தவர் நின்ற இடத்தைப் பொறுத்தது. பாப்பா எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கலாம், பேப்பரைச் சுற்றிச் சுற்றி நகர்ந்தும் இருக்கலாம். அதனால் "கீழ் மூலையில்", "உச்சியில்" என்று பொருள் சொல்ல ஆரம்பித்தால் தப்பாகத்தான் போகும்.

போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் சொல்வதற்கு நிறையக் கிடைக்கும். முதலில் பேப்பரின் விளிம்பைப் பாருங்கள். கோடு விளிம்பில் திடீரென்று வெட்டின மாதிரி நின்றால், மீதிக் கோடு தரையில் இருக்கிறது. இதை மகளிடம் சொல்லலாம்: "தரைக்கும் கொஞ்சம் கிடைச்சிருக்கும் போலிருக்கே!" அவள் சிரிப்பாள், ஏனென்றால் துடைத்தவள் அவள்தான். அடுத்து சிவப்பும் கருப்பும் சந்திக்கும் இடம். கருப்பு முதலில் போட்டு அதன் மேல் சிவப்பை இழுத்தால், சிவப்பு கிரேயானின் முனை கருப்பு மெழுகை வாரிக்கொண்டு போகும். அந்தக் கோடு அழுக்குச் சிவப்பாக இழுபடும். சிவப்பு முதலில் என்றால், கருப்பு அதன் மேல் சுத்தமாக மூடிவிடும். இதை வைத்து எது முதலில், எது பிறகு என்று ஓரளவு சொல்லலாம். பெரும் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, ஆனால் "கருப்பு போட்டு முடிச்சுட்டு அப்புறம் சிவப்பை எடுத்திருக்கா போல" என்று எழுதினால், உண்மையிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள் என்று மகளுக்குத் தெரியும்.

நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கிறுக்கலுக்கு நடுவில் அளவெடுத்த மாதிரி ஒரு நேர்க்கோடு, அல்லது சின்னச் சின்னக் கட்டங்கள். "ஸ்கேல் வெச்ச மாதிரி போட்டிருக்கா பாரேன்" என்று வீடே வியக்கும். அது டைல்ஸ் இணைப்பு. பேப்பரைத் தரையில் வைத்துக் கிரேயானைத் தேய்த்தால் அடியில் இருக்கும் மேடு பள்ளம் மேலே வந்துவிடும். பாயின் மேல் வைத்தால் பாயின் நெசவு வரும். காசின் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே கதை.

சரி, "என்ன இது?" என்று ஏன் கேட்க வேண்டாம் என்கிறேன்? உங்கள் தயக்கம் சரியானது. இந்த வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது, ஆனால் கேட்டால் ஏதாவது ஒன்று சொல்லிவிடுவாள். "மாம்பழமா?" என்றால் "ஆமா" என்பாள். "பூனையா?" என்றால் அதற்கும் "ஆமா". நாம் கடைசியாகச் சொன்ன வார்த்தையைத் திருப்பித் தருவதுதான் அது. அப்புறம் நம் வீட்டில் அந்தப் பேப்பர் மாம்பழமாகிவிடும், அடுத்த தடவை எல்லாரும் "மாம்பழம் போடு கண்ணு" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அவள் கை இன்னும் அதற்குப் பழகியிருக்காது. கேட்பதைப் போட வரவில்லை என்றதும் கிரேயானை நம் கையில் திணித்து "நீ போடு" என்பாள். கிறுக்குவதை விட்டுவிட்டு நம்மை வரைய வைப்பது இப்படித்தான் தொடங்குகிறது.

அவளே பெயர் சொன்னால் கதை வேறு. கிறுக்கி முடித்துவிட்டுப் பார்த்து, "பஸ்!" என்பார்கள். தற்செயலாக விழுந்த கோட்டில் தனக்குத் தெரிந்த ஒன்றின் சாயலைப் பிறகு கண்டுபிடிப்பது குழந்தை ஓவியத்தில் ஒரு கட்டம் என்று பிரெஞ்சுக்காரர் லூக்கே 1927-லேயே எழுதினார். சாயங்காலம் அதே பேப்பர் "பாட்டி" ஆகும். இரண்டும் சரிதான், "காலையில பஸ்னு சொன்னியே" என்று திருத்த வேண்டாம். மகள் உங்களுக்குப் பதிலாக "ரயிலாம்ப்பா" என்று எழுதினாள் என்று வையுங்கள். "ரயிலா! சக்கரம் எங்கே?" என்று போகாதீர்கள். "ரயிலா! நம்மூர் வழியா ஓசூருக்கு வருதே, அந்த ரயிலா இருக்கும்" என்றால் முடிந்தது. பேப்பரில் ரயிலைத் தேடாமலே ரயிலைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், பாலக்கோட்டுக்கும் ஓசூருக்கும் நடுவில் ஒரு தண்டவாளமும் போட்டாயிற்று.

வாய்ஸ் மெசேஜுக்கு வருகிறேன். மகளுக்கு எழுதியது பேத்திக்குப் போய்ச் சேராது, குரல் போய்ச் சேரும். டிவியை அணைத்துவிட்டு மெதுவாக இப்படிச் சொல்லுங்கள்: "கண்ணு, தாத்தா பேசறேன். உன் பேப்பரைப் பாத்தேன். சுத்தி... சுத்தி... சுத்தி... எவ்வளவு சுத்து! சிவப்பும் இருக்கு." அவ்வளவுதான். "சுத்தி" என்று மூன்று தடவை இழுத்துச் சொல்வதில் காரணம் உண்டு. அவள் கை ஆடிய தாளம் அது, கேட்கும்போதே கையை ஆட்டிக் காட்டுவாள். "சாப்பிட்டியா, தூங்கினியா, தாத்தா வீட்டுக்கு எப்ப வர்றே, படம் யாருக்கு" என்று நான்கு கேள்வியை ஒன்றாகக் கட்டி அனுப்பினால் ஒன்றுகூட மனதில் நிற்காது. ராத்திரி வந்த போட்டோ என்றால் மகளுக்கு எழுதுவதை அப்போதே எழுதுங்கள். குரலைக் காலையில் அனுப்பலாம், அவள் விழித்திருக்கும்போது போட்டுக் காட்டுவார்கள்.

வீடியோ காலில் பேசினால் "அந்தப் பேப்பரைக் காட்டு கண்ணு" என்று சொல்லலாம். அவள் பேப்பரைக் கேமரா மேலேயே அப்பிவிடுவாள், உங்களுக்கு இருட்டுதான் தெரியும், அல்லது தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காட்டுவாள். "தெரியல, தள்ளிப் பிடி" என்று திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஏற்கெனவே பார்த்த படம்தானே, பார்த்த மாதிரியே பேசுங்கள்.

மகள் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்பதையும் துருவ வேண்டாம். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன் என்றால் போட்டோ போவதே பெரிது. "அப்பா, இதைப் பாருங்களேன்" என்பதுதான் அந்தப் போட்டோ. அதனால் பதிலில் அறிவுரை வாடை அடிக்கக் கூடாது. அடிக்கடி கெடுப்பது இந்த மூன்று வகைப் பதில்தான். முதலாவது ஒப்பீடு: "உங்க அண்ணன் பையன் இந்த வயசுல எழுத்தே போட்டான்." இரண்டாவது திருத்தம்: "பென்சில் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொல்லு." முஷ்டியில் பிடிப்பதும், உள்ளங்கை கீழே பார்க்கும்படி விரல்களால் பிடிப்பதும் இந்த வயதுக்கு இயல்பு. மூன்று விரல் பிடி பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதுக்கு மேல்தான் நிலைக்கும். மூன்றாவது சந்தோஷத்தில் செய்யும் தப்பு: "இங்க பாரு, 'ட' போட்டிருக்கா, இப்பவே எழுத வந்துடுச்சு!" கருப்பில் சோகத்தைப் பார்ப்பதும் வளைவில் 'ட'வைப் பார்ப்பதும் ஒரே வேலைதான், ஒன்று பயத்தில் செய்வது, இன்னொன்று பெருமையில் செய்வது. "சூப்பர்" பரவாயில்லை, குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பார்க்காமலேயே போடக்கூடிய வார்த்தை என்பது மகளுக்கும் தெரியும். மற்றபடி, உங்களுக்குத் தனியாக வந்த போட்டோவை மகளைக் கேட்காமல் சொந்தக்காரர்கள் குரூப்பிலோ ஸ்டேட்டஸிலோ போடாதீர்கள்.

உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை போட்டோவில் தெரியாதவை. இரண்டு வயது தாண்டியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வந்துகொண்டிருந்த பேச்சோ பழக்கமோ நின்றுபோனது, ஒரு கையை மட்டுமே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தி இன்னொரு கையைச் சுருட்டியே வைத்திருப்பது, இவை ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கன்வாடிக்குப் போகிற குழந்தை என்றால், ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கேயே வந்து பார்க்கும், அவர்களிடமும் கேட்கலாம். இதில் எதுவும் இல்லை, வெறும் கருப்பு மட்டும்தான் என்றால், கேட்பதற்கு ஒன்றும் இல்லை. "ஏம்மா, அவ நல்லாத்தானே இருக்கா?" என்று இந்தப் படத்துக்குக் கீழே எழுதிவிடாதீர்கள். அந்த வரி மகளை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாது.

இதையெல்லாம் விட நல்ல பதில் ஒன்று இருக்கிறது, உங்களுக்கு நேரம் இருந்தால். நீங்களும் ஒரு பேப்பர் எடுத்து, சுற்றிச் சுற்றி ஒரு கிறுக்கல் போட்டு, ஓரத்தில் சிவப்பில் இரண்டு கோடு இழுத்து, போட்டோ எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்புங்கள். யானை, வீடு, சூரியன் என்று வரையாதீர்கள், நன்றாக வரையத் தெரிந்தாலும்கூட. அவளால் போட முடிந்ததையே நீங்களும் போட்டால்தான் அது பதிலாகும். அதைப் பார்த்துவிட்டு அவள் மறுபடி கிறுக்குவாள், மறுபடி போட்டோ வரும்.

அடுத்த தடவை ஓசூர் போகும்போது பழைய மாதக் காலண்டர் தாள்களைச் சுருட்டி எடுத்துப் போங்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை காலண்டரின் பின்பக்கம் வெள்ளையாக, பெரிதாக இருக்கும். தோளிலிருந்து வீசும் கைக்கு ஏ4 பேப்பர் போதாது, கோடு தரைக்குப் போவதே அதனால்தான். ரொம்ப வழவழப்பான தாளில் மெழுகு பிடிக்காமல் வழுக்கும், கொஞ்சம் சொரசொரப்பானதாகப் பாருங்கள். நான்கு மூலையிலும் டேப் ஒட்டிவிட வேண்டும், மறு கையால் பேப்பரைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இந்த வயதில் சரியாக வந்திருக்காது, பேப்பர் கூடவே நகர்ந்து போகும். கிரேயான் தடியாக இருக்கட்டும், நான்கு நிறம் தாராளம். உடைந்த சின்னத் துண்டுகள் வாய்க்குப் போகும், பொறுக்கி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மகள் பேப்பரை எடுத்து வைக்கப் போகிறாள் என்றால், பின்பக்கம் தேதியையும் வயதையும் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறித் தெரியும். வரையும்போது பாப்பா ஏதாவது சொல்லியிருந்தால் அவள் சொன்ன மாதிரியே அதையும் எழுதி வைக்கலாம். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் மெழுகு அடுத்த தாளில் ஒட்டும், நடுவில் செய்தித்தாள் வைத்தால் போதும்.